அம்மாவுக்கு வந்த பிளவு எனக்கும் வந்தது

என் நாற்பத்து மூன்றாம் வயதில் ஏறக்குறைய ஒரு வருஷம் நான் கழிப்பறைக்குப் பயந்து வாழ்ந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். காலையில் போய் உட்கார்ந்தால் உடைந்த கண்ணாடி வெளியே வருகிற மாதிரி வலி. எழுந்து வந்த பிறகும் அந்த இடம் இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எரியும். துடைத்தால் பளிச்சென்ற சிவப்பில் கொஞ்சம் ரத்தம் இருக்கும்.

வலிகூடப் பரவாயில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் குழாயடியில் அம்மா துணி அலசும் சத்தம் கேட்கும். அம்மா இறந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கூலாயில் நாங்கள் இப்போது இருக்கும் தாமான் குடியிருப்பு வீட்டை அவள் பார்த்ததேயில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் வரும். தண்ணீரை ஊற்றுவாள், கசக்குவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடி ஊற்றுவாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் இதே வலிதான் வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. லாயாங் லாயாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து ஏதோ செய்தார்கள். "விரல விட்டு இழுத்து விரிச்சிட்டாங்களாம்" என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. வலியோடு அடக்கும் சக்தியும் போய்விட்டது. காற்று அவளைக் கேட்காமல் பிரியும். வயிறு இளகினால் சேலை நனையும். பழைய கைலியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். திருவிழா வந்தால் கோயில் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டாள். தோட்டத்து லாரியில் அவளைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருக்கும். ஒருநாள் நானும் தள்ளி உட்கார்ந்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

அதனால் எனக்கு வலி வந்ததும் நான் செய்த முதல் காரியம், அது அம்மாவுக்கு வந்தது இல்லை என்று முடிவு கட்டியதுதான். நம் சனத்துக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் மூலம். நானும் மூலம் என்றேன். துத்திக் கீரையை வதக்கித் தின்றேன், மருந்துக்கடையில் மூலத்துக்கு விற்கும் களிம்பைப் பூசினேன், கோழிக்கறியை நிறுத்தினேன். ஆறு மாதம் ஓடியது. கடைசியில் என் கணவர்தான் பொறுக்க முடியாமல் வண்டியில் ஏற்றி, கிளினிக்கில் கடிதம் வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

டாக்டர் தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பார்த்துவிட்டு, இது மூலம் இல்லை, ஆசனவாயில் தோல் கிழிந்து பிளவாகியிருக்கிறது, நாளாகிவிட்டதால் ஓரம் தடித்து வெளியே ஒரு தோல் முடிச்சும் வந்துவிட்டது என்றாள். உள்ளே ஒரு வளையத் தசை இருக்கிறதாம். அது நாம் சொன்னால் கேட்காது. வலியில் இறுகும், இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் போகாத புண் ஆறாது, மறுநாள் மறுபடி கிழியும். அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் வைத்தியம். முதலில் களிம்பு, அது கேட்காவிட்டால் ஊசி, அதுவும் கேட்காவிட்டால் கத்தி.

கத்தி என்றதும் "வெட்ட விடமாட்டேன் டாக்டர்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்டாள். களிம்பே போதும் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

நைட்ரோகிளிசரின் களிம்பு கொடுத்தாள். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்துதான், இது அதைவிடப் பலம் குறைந்தது. ஒரு பட்டாணி அளவு, காலையும் மாலையும், எட்டு வாரம். வலி குறைந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. தலை வலிக்கும், படுத்தபடி பூசினால் நல்லது என்றாள். பாதிப் பேருக்குத்தான் இதில் ஆறும், ஆறியவர்களில் சிலருக்குத் திரும்பவும் வரும் என்பதையும் மறைக்கவில்லை. நார்ச்சத்து சாப்பிட வேண்டும், வெந்நீரில் உட்கார வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குடிக்கிறீர்களா என்று கேட்டாள். குடிக்கிறேன் என்றேன்.

பொய். சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். எல்லைப் பாலத்தில் ஜாம் பிடித்தால் ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. அதனால் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். ஷிப்டில் நினைத்தபோது எழுந்து போக முடியாது, அங்கேயும் குறைவு. திரும்பும்போது மறுபடி பாலம், மறுபடி வறண்ட நாக்கு. பதினான்கு வருஷமாக எனக்கு அப்படித்தான் பழக்கம். அது ஒரு சாமர்த்தியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

களிம்பைக் காலையில் அவசரமாகப் பூசிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். அரை மணி நேரத்தில் தலை இரண்டாகப் பிளந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை கேட்டிருக்கிறேன். எனக்குத் திருகுவலிக்குப் பூசித் தலைவலி வந்தது. குடிநுழைவு வரிசையில் கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. குறைந்ததும் நான் என்ன செய்திருப்பேன்? நிறுத்தினேன். பத்தே நாளில் புண் பழையபடி கிழிந்தது.

அடுத்த முறை டாக்டர் என்னை அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சும்மா கேட்டாள்: "அக்கா, பாலம் தாண்டியா வேலைக்குப் போறீங்க? எங்க அண்ணனும்தான். தண்ணி குடிக்க மாட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றுதான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அந்த வேகத்தில் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். குழாயடிச் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் விரலால் விரிப்பார்கள், எந்தத் தசை எவ்வளவு கிழிகிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் இப்போது கைவிட்டுவிட்டார்கள் என்றாள். இப்போதைய அறுவையில் புண்ணைத் தொடமாட்டார்கள். பக்கவாட்டில் உள்வளையத் தசையை மட்டும், புண் இருக்கும் நீளத்துக்கு வெட்டித் தளர்த்துவார்கள். நாம் இறுக்கிப் பிடிக்கிற வெளித்தசை அப்படியே இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு ஆறிவிடும். ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றாள். சிலருக்குக் காற்று அடங்காது, ஆடையில் கறை படும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், ஒரு சிலருக்கு நிலைத்துவிடும். என் இரண்டாவது பிரசவத்தில் கீழே கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பெண்களுக்கு எடுத்த எடுப்பில் வெட்டமாட்டார்களாம்.

ஆகவே போடாக்ஸ் ஊசி. நடிகைகள் நெற்றியில் போடுகிறதை எனக்கு எங்கே போட்டார்கள் என்று என் கணவரிடம் சொல்லி நானே சிரித்தேன். அது தசையை மூன்று மாதம் போலத் தூங்க வைக்கும், அதற்குள் புண் ஆறிக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் வலி விட்டது. சிவப்பு நின்றது. பெரிய போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன், சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுக் கழிப்பறைக்குப் போனேன். நான்காவது மாதம் மருந்தின் வேகம் தீர்ந்தது. ஐந்தாவது மாதம் ஒரு காலையில் மறுபடி கண்ணாடி. அன்று குழாயடிச் சத்தம் முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

இனி அறுவைதான். முதலில் தசையின் பலத்தை அளந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பிரசவத் தையல் நன்றாகக் கூடியிருந்தது, இறுக்கமும் அதிகமாகவே இருந்தது. அளவாக வெட்டலாம் என்றாள் டாக்டர். ஒப்புதல் தாளில் காற்று, மலம் கசியலாம் என்ற வரி இருந்தது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் பிள்ளைகள் என்னைவிட்டுத் தள்ளி உட்காருவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் அது நியாயம் என்றும் நினைத்தேன்.

காலையில் செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கழிப்பறையிலிருந்து வலி இல்லாமல் எழுந்தேன். ஆனால் இரண்டாம் வாரம் சமையலறையில் குனிந்தபோது காற்று என்னைக் கேட்காமல் பிரிந்தது. சின்ன மகள் மேசையில் இருந்தாள். நான் அப்படியே அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள், "ம்மா, என்னா மா நீ" என்று சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். நகர்ந்து உட்காரவில்லை. ஐந்தாறு வாரத்தில் அது தானாக நின்றது. எட்டாவது வாரம் புண் முழுக்க மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாள். தண்ணீரையும் நாரையும் விடக்கூடாது, விட்டால் மலம் இறுகி வேறு இடத்தில்கூடக் கிழியலாம் என்று எச்சரித்தாள்.

கிளம்பும்போது அவள் அம்மாவைப் பற்றி மறுபடி பேசினாள். அந்த மாதிரி அடக்க முடியாமல் போனவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது, மலத்தைக் கெட்டியாக்க மாத்திரை இருக்கிறது, சிலருக்குத் தசையைச் சேர்த்துத் தைக்கலாம், அப்போதே இதெல்லாம் இருந்தது, முழுக்க இல்லாவிட்டாலும் கொஞ்சமாவது சரி செய்திருக்கலாம் என்றாள்.

"அம்மா ஏன்க்கா திரும்பி வந்து சொல்லல?"

"அவங்களுக்குத் தெரியாது டாக்டர்" என்றேன்.

அதுவும் பொய். அம்மாவுக்குத் தெரியும். சேனாயில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், எனக்குப் பதினெட்டு வயது. தோட்டத்துக்கு வந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி இதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வர ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மலாயில்தான் பேச வேண்டும், அம்மாவுக்கு அது சரியாக வராது. அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீ கூட வந்து சொல்றியா? எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"இதெல்லாம் நான் எப்படிம்மா சொல்றது, வெக்கமா இருக்கு" என்றேன்.

அம்மா சரி என்றாள். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒருமுறைகூட என்னிடம் மறுபடி கேட்கவில்லை.