தமீம் திறந்து பார்க்காத படங்கள்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பழைய கேமராவும் செல்போனும் வாங்கி விற்கிற தமீமுக்குத் தன் கண்ணின் மேல் அசாத்திய நம்பிக்கை. எண்ணூறு பேர் இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யார் எதை விற்க வந்தாலும், 'பாய், இது ஒரிஜினலா?' என்று அவரைத்தான் கேட்பார்கள். விலை, விற்பவர் இதற்கு முன் விற்ற கதை, படங்கள், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பார்.

அன்று கடையில் நல்ல கூட்டம். அறுபதாயிரத்துக்குப் போகும் கேமரா லென்ஸைப் பதினெட்டாயிரத்துக்குக் குழுவில் போட்டிருந்தாள் ரூத் என்றொரு பெண். குழுவில் சேர்ந்து இரண்டே நாள். இதுவரை ஒரு குண்டூசிகூட விற்றதில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். தமீம் படங்களைத் திறக்கவே இல்லை. 'டுபாக்கூர், யாரும் துட்டு அனுப்பாதீங்க' என்று தட்டிவிட்டு, அவளைக் குழுவிலிருந்தும் தூக்கினார். கொஞ்சம் சந்தோஷமாகவே தூக்கினார்.

நான்காம் நாள் மதியம், துணிப்பையோடு அவளே கடைக்கு வந்து நின்றாள்.

"பாய், இத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எங்க வூட்டுக்காரர் ஜெரோமோடது. மகாபலிபுரத்துல டூரிஸ்ட்டுங்கள போட்டோ எடுத்துகினு இருந்தாரு. அவரு தவறிப் போயி ஆறு மாசம் ஆவுது. க்ரூப்புல யாரோ டுபாக்கூர்னு போட்டுட்டாங்க. எங்கூட வேல செய்றவங்ககூட ஒரு மாதிரி பாக்கறாங்க."

தமீம் லென்ஸைக் கேமராவில் மாட்டிப் பார்த்தார். விளக்கடியில் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். அப்பழுக்கில்லாத அசல். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. குழுவில் அவள் போட்ட படங்களைத் தேடித் திறந்தார்.

பூப்போட்ட போர்வை மேல் லென்ஸ். அடுத்த படத்தில் அதன் மேல் பொறித்திருந்த எண். அதற்கடுத்து அதே எண்ணும் ஜெரோம் பெயரும் உள்ள பில். கடைசிப் படத்தில் அன்றைய தேதியையும் தன் பெயரையும் எழுதிய துண்டுச்சீட்டை லென்ஸின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். எங்கிருந்தோ படம் சுட்டுப் போடுகிறவனுக்கு இது எளிதல்ல.

"ஏம்மா இவ்ளோ கம்மியா போட்டீங்க?"

"எனுக்கு இன்னா தெரியும் பாய்? சீக்கிரம் போவட்டும்னு போட்டேன்."

விலையும் புதுக் கணக்கும் சந்தேகப்பட வைத்தது நியாயம்தான். ஆனால் இன்னொரு படம் கேட்டிருக்கலாம், பொருளோடு நேரில் வரச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. தமீமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டுபாக்கூர்னு போட்டது நான்தாம்மா."

அவள் திட்டவில்லை. "படத்த பாத்துட்டா போட்டீங்க?"

"பாக்கல."

அங்கேயே அவளை மறுபடி குழுவில் சேர்த்து எழுதினார்: 'தவறு என்னுடையது. படங்களைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். லென்ஸ் அசல். ரூத் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஐம்பதாயிரத்துக்குக் குறைவாக யாரும் கேட்க வேண்டாம்.'

குழுவில் மளமளவென்று கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன. 'பெரிய மனசு பாய்.' 'உங்கள மாதிரி யாரு வருவா பாய்.'

ரூத் தன் போனில் அதையெல்லாம் பொறுமையாகத் தள்ளிப் படித்தாள்.

"எல்லாரும் உங்களதான் நல்லவர்னு சொல்லிகினு கீறாங்க," என்றாள். "என்னாண்ட ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கல பாய்."