ஹிலரி திருத்திய கடைசிக் கடிதம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதி நகராட்சி ஒன்றில் ஹிலரி டனிக்ளிஃப் பார்க்காமல் ஒரு கடிதமும் வெளியே போகாது. முப்பத்தோரு வருட வழக்கம். வேறு யாரும் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் இருக்கும்போது எதற்கு?

வியாழக்கிழமை மேலாளர் கிளைவ், பெறுபவர் பெயர் போடாத ஆட்குறைப்புக் கடிதம் ஒன்றைத் திருத்தச் சொல்லி அவளுக்கு அனுப்பினார். சட்ட ஆலோசகரான ‘கவுன்சல்’ அதில் நகராட்சியான ‘கவுன்சில்’ ஆகியிருந்தார். குழுவை நிறைவு செய்த திறமை, ‘காம்ப்ளிமென்ட்’டில் ஓர் எழுத்து மாறியதால், குழுவைப் பாராட்டிக்கொண்டிருந்தது. நெருங்கிவிட்ட, அதாவது ‘இம்மினென்ட்’ ஆன பணிநீக்கம், ‘எமினென்ட்’ ஆகி மாண்புமிகு பணிநீக்கமாக நின்றது. மூன்றையும் திருத்திய பிறகுதான் ‘முப்பத்தோரு ஆண்டுச் சேவை’ என்ற வரி அவள் கண்ணில் பட்டது.

கிளைவ் தேநீரோடு வந்தார். “பாத்தாச்சா, ஹிலரி? நீ இல்லேன்னா நம்ம மானமே போயிருக்கும்.”

“மூணு தப்பு. சரி பண்ணிட்டேன். பேருதான் விட்டுப்போச்சு.”

கிளைவ் ஏற்கெனவே கலக்கிய தேநீரை மறுபடி கலக்கினார்.

“சிரமப்படாதீங்க, அதையும் நானே போட்டுடறேன்” என்றாள் ஹிலரி. “போன கிறிஸ்துமஸ் வாழ்த்துல என் பேரைத் தப்பாத்தானே எழுதியிருந்தீங்க.”