அவள் எழுதிய என் விடைகள்

பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் மெஷினில் சிக்கி என் வலது கை மணிக்கட்டோடு போனபோது, சாயங்காலக் கல்லூரியில் பி.காம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காயம் ஆறியதும் இடது கையால் எழுதிப் பழகினேன். அதுவே போதும் என்று நம்பினேன். பரீட்சையில் முதல் மணி நேரம் முடிந்தபோது ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். ஹாலில் இருந்த சூப்பர்வைசரிடம் யாராவது எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

“பர்மிஷன் முன்னாடியே வாங்கியிருக்கணும்மா. இப்ப நான் யாரையும் உக்கார வைக்க முடியாது” என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்த செமஸ்டரில் எல்லாப் பேப்பரும் போனது.

அடுத்த பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போதே கல்லூரி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் என் ஊனச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்து சொன்னார்.

“ஒரு கைதானே போயிருக்கு? ரெண்டு கையும் இல்லன்னா இதுவே போதும். உங்களுக்கு எழுத முடியாதுன்னு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் தனியா லெட்டர் குடுக்கணும். சொல்ப அலையணும், இப்பவே வந்தது நல்லது.”

அந்த ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை லீவு போட்டேன். மூன்றாவது முறை டாக்டர் என்னிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார். நான் எழுதுவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், எழுதித்தர ஒரு ஆளும், தனி அறையும் கிடைத்தன.

எழுதுகிறவர் என்னைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். நான் குடியிருந்த அடுகோடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், பிளஸ் டூவுக்குச் சமமான பி.யு.சி. முடித்துவிட்டு, கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தியவள். தங்கவயலில் வளர்ந்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கேட்டதும் ஒத்துக்கொண்டாள்.

மூன்று மாதம், ஞாயிறுதோறும் அவள் புருஷன் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்தோம். முதல் நாள் எனக்கு வாய்விட்டுச் சொல்லவே வரவில்லை. விரல் நகர்ந்தால்தான் எனக்கு யோசனை ஓடும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் மறந்துபோகும். நான் தயங்கும் இடத்தில் அவளாகவே வாக்கியத்தை முடித்துவிடுவாள்.

“நீ முடிக்கக் கூடாது. பரீட்சையில அது காப்பி அடிச்ச மாதிரி ஆயிடும்.”

“சரிக்கா. நீங்க நிறுத்துனா நானும் நிறுத்திடறேன்.”

பத்தி மாறும் இடத்தைச் சொல்லவும், எழுதியதை அவள் திரும்ப வாசிக்கும்போது பிழை பிடிக்கவும் பழகினேன். பழைய கேள்வித்தாள்களை வைத்து நான்கு மணி நேரமும் எழுந்திருக்காமல் செய்து பார்த்தோம். கூடுதல் மணி நேரத்தைத் திருத்துவதற்கென்றே ஒதுக்கினோம்.

முதல் நான்கு பேப்பரும் நினைத்ததைவிட நன்றாகப் போயின. கடைசிப் பேப்பர் கம்பெனி சட்டம். அன்று காலை கல்லூரி வாசலில் அவள் துப்பட்டாவால் வலது கையை மூடியபடி நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“என்னாச்சு?”

“எவளோ ஒருத்திக்குப் பரீட்சை எழுதப் போறேன்னு சொல்லாம வந்தது அவருக்குத் தெரிஞ்சு, கைய முறுக்கிட்டாரு. விடுங்கக்கா, டைம் ஆச்சு.”

வேறு ஆளைக் கேட்கிறேன் என்றேன். “யாரு வந்தாலும் நீங்க சொல்ற விதம் அவங்களுக்குப் புரியவே ஒரு மணி நேரமாகும்” என்று உள்ளே நடந்தாள். அது உண்மை என்பதால் நான் தடுக்கவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

முதல் பக்கம் முடிவதற்குள் அவள் எழுத்து சரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் உதட்டைக் கடித்தாள். என்னையறியாமல் விடைகளைச் சுருக்கினேன். இரண்டு பக்கம் சொல்ல வேண்டியதை அரைப் பக்கத்தில் முடித்தேன். கூடுதல் மணி நேரம் தொடங்கும் முன்பே போதும் என்று தாளைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். வலியால் அல்ல.

“அந்த டைரக்டர் கேள்விய எத்தன ஞாயித்துக்கிழம சொல்லியிருக்கீங்க? பாதிதான் சொன்னீங்க. அங்க நான் வாயத் தொறக்கக் கூடாது. என்னப் பாத்துப் பாவப்பட்டீங்க, இல்ல?”



நான்கில் பாஸானேன், கம்பெனி சட்டத்தில் நான்கு மார்க்கில் தவறினேன். ரிசல்ட் வந்த அன்று அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மாதத் தொடக்கத்திலேயே காலி செய்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவள் நம்பருக்குப் போன் செய்தேன்; எடுத்தவன் அவள் புருஷன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.

மறுபடியும் நான்கு மாதம் முன்னதாக ஆபீசுக்குப் போய், எழுதுகிறவர் என்ற கட்டத்தில் வேறொரு பெண்ணின் விவரத்தை எழுதிக் கொடுத்தேன்.