பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வாங்கிய இரண்டாவது லாட்

பட்ஜெட் நாளன்று பங்குச் சந்தையில் எனக்கு விழுந்த நஷ்டத்துக்குக் காரணம் போன் டவர்தான் என்று நான்கு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மரக்காணம் உப்பளத்தில் எடைமேடை எழுத்தர் வேலை எனக்கு. சுற்றிலும் பாத்திகள், நடுவில் தகரக்கொட்டகை. அன்று பதினொன்றே காலுக்குப் போன சிக்னல் பன்னிரண்டு தாண்டித்தான் வந்தது. அது பொய்யில்லை.

ஞாயிறு பூசை முடிந்து மச்சான் வீட்டுக்கு வந்தான். என் மனைவியின் தம்பி. ஆரோவில்லில் ஒரு பட்டறையில் கணக்கு பார்க்கிறான்; அவனும் என்னைப் போல, சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் போல ஆப்ஷன் வாங்கி விற்கிறவன். நஷ்டம் வந்தால் தனியாக உட்காரக் கூடாது, ஒருத்தர் டிரேடை இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. அவனுடையதை நான் இரண்டு முறை கிழித்திருக்கிறேன். இப்போது என் முறை.

"மாமா, முதல்ல எதுக்கு வாங்குனீங்க, அதைச் சொல்லுங்க."

"ஏறும்னு நெனச்சேன். ஏறுச்சுல்ல?"

ஏறத்தான் செய்தது. சந்தைக் குறியீடு நின்ற இடத்திலிருந்து நூறு புள்ளிக்கு மேல் ஏறினால்தான் கணக்குக்கு வரும் 'கால்' ஆப்ஷனை, முந்தின நாள் சாயங்காலம் நூற்று அறுபத்தைந்துக்கு வாங்கியிருந்தேன். மறுநாள் மதியத்துக்குள் குறியீடு தொண்ணூறு புள்ளி ஏறியது. என் ஆப்ஷனோ தொண்ணூற்றைந்துக்கு இறங்கியிருந்தது.

மச்சான் ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதினான். நூறும் நூற்று அறுபத்தைந்தும் இருநூற்று அறுபத்தைந்து.

"கெடு முடியுற எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருந்தா, இவ்ளோ ஏறுனாதான் உங்க காசு உங்களுக்கே திரும்பும். பட்ஜெட்டுக்கு முன்னாடி பயத்துல எல்லாரும் வாங்குறான், வெல உப்பிக்கிடக்குது. பேச்சு முடிஞ்சா பயம் போயிடும், காத்தும் எறங்கிடும். இது தெரிஞ்சதுதானே? இதுல லக் எங்க இருக்குது?"

"சரி, அது என் தப்பு. ஆனா சிக்னல் இருந்திருந்தா பாதியிலயே வெளிய வந்திருப்பேன்டா. சாயங்காலம் மார்க்கெட் விழுந்துச்சு பாரு, அதை யார் கண்டா?"

"விழுந்தது உங்க கையில இல்ல, ஒத்துக்குறேன். டவர் போனதும்தான். அதை ரெண்டையும் லக் பக்கம் எழுதிடலாம். போன்ல ஆர்டர் லிஸ்ட்டைத் திறங்க."

நான் திறக்கவில்லை. சார்ஜ் இல்லை என்றேன். சார்ஜர் பக்கத்திலேயே இருந்தது. அவன் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். கொடுத்தேன்.

அதில் மூன்று வரிகள் இருந்தன. முந்தின நாள் வாங்கிய முதல் லாட், அதாவது ஒரு கட்டு. கடைசியில், மூன்று பத்துக்கு, இரண்டு லாட்டையும் நாற்பதுக்கு விற்றது. நடுவில் ஒன்று: பன்னிரண்டு இருபத்தைந்து, இன்னொரு லாட், தொண்ணூற்றைந்துக்கு வாங்கியது.

அது எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானே நம்பவில்லை.

"சிக்னல் வந்துடுச்சு. வந்ததும் நீங்க விக்கல மாமா. வாங்கியிருக்கீங்க."

"வாங்குன வெல சராசரி கொறையும்னு..."

"இவ்ளோ எறங்குனா தானா வித்துடும்னு ஸ்டாப் லாஸ் எங்க போட்டீங்க?"

"மனசுல வச்சிருந்தேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். லிஸ்ட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். போன மாதம் ஜெயித்த இரண்டு டிரேடுகள். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவை. இரண்டிலும் விலை இறங்கியதும் இன்னொரு லாட் வாங்கியிருந்தேன். இரண்டிலும் மார்க்கெட் தானாகத் திரும்பி வந்து என்னைக் காப்பாற்றியிருந்தது.

"லக்கு இதுல இருக்குது பாருங்க," என்றான் மெதுவாக. "தோத்ததுல கொஞ்சம்தான்."

நஷ்டத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். கெட்டிக்காரன் என்று நினைத்திருந்த அந்த இரண்டு நாட்களையும் அவன் எடுத்துக்கொண்டதைத் தாங்க முடியவில்லை.

அப்போது பார்த்து என் மனைவி சின்ன உறையோடு உள்ளே வந்தாள். "வேற கம்பெனி சிம் வாங்கியாந்துட்டேன். அளத்துல இது நல்லா எடுக்குதாம். இனிமே உங்களுக்கு அந்தத் தொல்ல இருக்காது."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் அந்தப் பழைய கவரை மடித்துக்கொண்டிருந்தான்.

"டவரு காரணம் இல்ல," என்றேன். "சிக்னல் வந்தப்புறம் நான் இன்னும் வாங்குனேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சிம்மை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மச்சான் போனபின், போனில், டிரேடிங் ஆப்பில் ஆப்ஷன் பிரிவை நிறுத்தும் இடத்தைத் தேடிப்பிடித்தேன். நிறுத்தவா என்று அது கேட்டது. நிறுத்தினால், எனக்கு இது தெரியாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தாவிட்டால், அடுத்த முறை கை என்ன செய்யும் என்று இப்போது தெரியும். இரண்டுக்கும் நடுவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தவில்லை. வாங்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி, விலை வேகமாக ஏறி இறங்கி ஆசை காட்டும் நாள். எடைமேடையில் லாரி ஏறி நின்றது. டிரைவர் எடைச்சீட்டுக்குக் கை நீட்டி, "ஏம்பா, எழுதிக் குடுப்பா," என்று இரண்டு முறை சொன்னார். நான் ஆப்பைத் திறக்காமல், போனின் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.