நான்காம் எண் பிரஸ்ஸின் பூட்டு

தீபலட்சுமிக்குப் பாதுகாப்பு அலுவலர் வேலை கிடைத்த அன்று மனிதவளத் துறைக்காரர் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினார். அவள் பெயரிலிருந்து ஆலை மேலாளர் தனசேகருக்கு ஒரு நேர்கோடு. தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புத் துறைத் தலைவியாக இருக்கும் ஷர்மிளாவுக்கு ஒரு புள்ளிக்கோடு. "ஷிஃப்ட், லீவு, தினசரி வேலை எல்லாம் சார்கிட்ட. சேஃப்டி விஷயம்னா மேடம்கிட்ட. வருஷக் கடைசியில ரெண்டு பேரும் மார்க் போடுவாங்க. சிம்பிள்" என்றார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இரண்டு கோடும் இரண்டு பக்கம் இழுத்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பொழிச்சலூர் வீட்டில் அம்மா ரேணுகாம்பாளுக்கு இதைப் புரியவைக்க அவள் பட்ட பாடு பெரிது. பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்பவள் அம்மா. கூடையை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாடி இது, ஒரு வேலைக்கு ரெண்டு மொதலாளியா? அப்போ சம்பளமும் ரெண்டா?"

"சம்பளம் ஒண்ணுதாம்மா."

"திட்டு மட்டும் ரெண்டா? நல்லா கீது போ உன் கம்பெனி!"

அந்த வீட்டில் முதல் பட்டதாரி தீபலட்சுமிதான். கல்லூரியில் ஆசிரியர்களிடமும், தேர்வில் கண்காணிப்பாளரிடமும், நேர்முகத்தில் மூன்று பேரிடமும் 'சரி சார்', 'சரி மேடம்' என்றே சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அந்தச் சொல் எல்லாக் கதவையும் திறந்திருந்தது. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஆலை, வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை அழுத்தி எடுத்துத் தருவது. வரிசையாகப் பிரஸ் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கனமான தலை மேலிருந்து இறங்கித் தகட்டை 'டை' என்னும் அச்சின் மேல் அழுத்திவிட்டு மேலே ஏறி நிற்கும். ஏறியதும் நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். மாதாந்திரச் சோதனையில் நான்காம் எண் பிரஸ் நிற்பதில் தாமதம் செய்வதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பிரேக் தேய்ந்திருந்தது. பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் இயந்திரத்துக்கு நில் என்று சொல்லும். சொன்னதும் நிற்காத இயந்திரத்துக்கு அந்தத் திரை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

கிண்டி தலைமை அலுவலகத்திலிருந்து ஷர்மிளா போனில் சொன்னார்: "பூட்டு போடுங்க தீபா. சர்வீஸ் இன்ஜினியர் வந்து பிரேக் மாத்தி, நிக்கிற நேரத்தை அளந்து பாக்கிற வரைக்கும் அந்த பிரஸ் ஓடக் கூடாது. தினமும் காலையில பூட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"சரி மேடம்."

மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன் பிடியில் சிவப்புப் பூட்டை மாட்டினாள். பூட்டியவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது விதி. சாவி அவள் கழுத்தில், அடையாள அட்டைப் பட்டையில் தொங்கியது.

மதியத்துக்குள் தனசேகர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. கேன்டீனில் சாம்பார் நீர்த்துப் போனால் தொழிலாளிகளுக்காகச் சண்டை போடும் மனிதர். "தீபா, இந்த வாரம் டிஸ்பாட்ச் போகலன்னா கஸ்டமர் லைன் நின்னுடும். நாலாம் நம்பர்லதான் அந்த டை செட் ஆகியிருக்கு. ஜாக்கிரதையா ஓட்டலாம். நீ பக்கத்துலயே நில்லு. ஏதாவதுன்னா நான் பாத்துக்கறேன்."

"மேடம் பூட்டச் சொல்லியிருக்காங்க சார்..."

"மேடத்துக்கு கிண்டியில உக்காந்தா பூட்டு மட்டும்தான் தெரியும். எனக்கு இங்க லாரி தெரியுது. பேசிப் பாரேன்."

பேசிப் பாரேன் என்றால் யாரோடு யார் பேசுவது? அவள் கேட்கவில்லை. "சரி சார்" என்றாள்.

ஷர்மிளாவிடம் அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் இருவரும் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று பயம். அதற்குப் பதில் ஒரு வழி கண்டாள். அப்போது அது புத்திசாலித்தனமாகக்கூடத் தோன்றியது. காலையில் முதல் ஆளாக ஆலைக்கு வருவாள். பூட்டு தொங்கும் ஸ்விட்சைப் படம் எடுத்து ஷர்மிளாவுக்கு அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். பிறகு பூட்டைத் திறப்பாள். ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி பூட்டுவாள். படத்தில் பொய் இல்லை. எடுத்த அந்த நொடியில் பிரஸ் பூட்டித்தான் இருந்தது. இதைத் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். உண்மையென்றால் ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் உள்ளே ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்காம் எண்ணை ஓட்டியவர் வீராசாமி. நீண்ட இடுக்கியால் தகட்டை வைப்பார், எடுப்பார். கையை உள்ளே விடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு வேடிக்கை.

"இன்னா மேடம், என் கையைப் பாத்துகினே கீறியே, ஜோசியம் எதுனா சொல்லப் போறியா?"

"சும்மா இருங்கண்ணா. இடுக்கியைப் பாத்துப் புடிங்க."

"ஆயுசு கெட்டிதானே? அதைச் சொல்லு மொதல்ல."

அவள் சிரிக்க முயன்றாள். தலை இறங்கி ஏறும்போதெல்லாம் ஒரு கணம் தாமதித்தே நின்றது. முதல் நாள் கேட்டதைவிட அந்தத் தாமதம் கொஞ்சம் நீண்டதுபோல் இருந்தது. காதுதான் ஏமாற்றுகிறதா? தனசேகரிடம் சொல்லப் போனாள். அவர் போனில் லாரிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். ஷர்மிளாவிடம் சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அந்தப் பிரஸ் ஓடவே இல்லையே. இந்தப் பிரஸ் எப்படி இருக்கிறது என்பதை முழுதாக அறிந்தவள் தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து ஸ்டூலைப் பிரஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன. தணிக்கைக்காக எல்லா ஆலைகளின் பாதுகாப்பு அலுவலர்களும் உடனே வீடியோ கூட்டத்துக்கு வர வேண்டும் என்று ஷர்மிளா. வேகத்தைக் கூட்டச் சொல்லு, லாரி வாசலில் நிற்கிறது என்று தனசேகர். பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் போனால் தனசேகர் கேட்பார். கூட்டத்துக்குப் போகாவிட்டால் ஷர்மிளா கேட்பார். "அண்ணா, நான் வர்ற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

"நீ போய்ட்டு வா மேடம். உன் ஸ்டூலை யாரும் தூக்கிகினு போவ மாட்டாங்க."

மாடி அறைக்குப் போய்க் கூட்டத்தில் சேர்ந்ததும் ஷர்மிளா எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். "தீபாவைப் பாருங்க. தினமும் தவறாம போட்டோ. இப்படித்தான் இருக்கணும்."

அந்த வார்த்தை முடிவதற்குள் கீழே தளத்திலிருந்து சத்தம் கேட்டது. தகடு அழுந்தும் சத்தம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. தொடர்ந்து வரிசை முழுக்க இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதிதான் அவளை ஓட வைத்தது. படிக்கட்டில் இறங்கும்போது அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: அண்ணாவின் கை.

வீராசாமி பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அச்சுக்குள் இடுக்கி தகடோடு தகடாக நசுங்கிக் கிடந்தது. மேலே ஏறிய தலை நிற்காமல் அப்படியே சரிந்து இன்னொரு முறை இறங்கிவிட்டது. தகடு ஒட்டிக்கொண்டதென்று அவர் அதை இடுக்கியால் பிடுங்கப் போன நேரம்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

விரல்களை விரித்துக் காட்டினார். எல்லாம் இருந்தன. "இடுக்கிதான் பூட்சி" என்றார். சிரிக்கப் பார்த்தார். "கையால எடுத்துடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன் மேடம். நீ திட்டுவியேன்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

தனசேகர் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "இவ்ளோ மோசமாவா இருந்துச்சு? கண்டிஷனோட ஓட்டலாம்னு மேடம் ஒத்துக்கிட்டாங்கன்னுதானே நெனச்சேன்! நீ சரின்னியே. பூட்டை நீதானே தினமும் தொறந்த?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் ஷர்மிளா ஒப்புக்கொண்டதாக நினைத்திருந்தார். ஷர்மிளாவோ தனசேகர் பிரஸ்ஸை நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தார். இருவருக்கும் இடையில் சண்டையே இல்லை. சண்டை வர வேண்டிய இடத்தில் இவள் இரண்டு 'சரி'களை வைத்து அடைத்துவிட்டிருந்தாள்.

ஸ்விட்சை அணைத்துப் பூட்டை மாட்டினாள். பிறகு அங்கேயே நின்று போனை எடுத்து, தனசேகர் பார்க்க, ஷர்மிளாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சாரும் லைன்ல இருக்காங்க. நாலாம் நம்பர் இவ்ளோ நாளும் ஓடிச்சு. காலையில போட்டோ எடுத்துட்டு நான்தான் பூட்டைத் தொறந்தேன். இப்போ தலை தானா ரெண்டாவது தடவை இறங்கிடுச்சு. யாருக்கும் அடி இல்ல. நீங்க நிறுத்துன்னீங்க, சார் ஓட்டுன்னாங்க. ரெண்டையும் என்னால செய்ய முடியாது. எது முதல்லன்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இப்பவே சொல்லணும்."



பிறகு முடிவு வந்தது. வியப்பாக, சீக்கிரமே வந்தது. நான்காம் எண் ஓடாது. டையை இறக்கி இரண்டாம் எண்ணில் ஏற்ற ஒரு ஷிஃப்ட் போகும். போகட்டும். பாதிச் சரக்கு இன்று, மீதி திங்கள் என்று கஸ்டமரிடம் தனசேகரே பேசுவார். முதல் நாளே இப்படிப் பேசியிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தும் முடிவு என்றால் இனி மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் வர வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஷர்மிளா கேட்டார்: "அந்த போட்டோ எல்லாம் என்கிட்ட இருக்கு தீபா. அதை வெச்சு நான் என்ன பண்ணணும்?"

இன்ஸிடென்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் வரும் என்று அவரே சொல்லி முடித்தார். கோபம்கூட இல்லாத குரல். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரம் முழுக்க யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. விசாரணை என்று தேதி வரவில்லை. தனசேகர் வணக்கத்துக்குத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உக்காரு. ஏழாம் நம்பர்ல ஒரு சின்ன சத்தம் வருது. மெயின்டனன்ஸ்ல திங்கக்கிழமை பாத்துடறேன்னுட்டாங்க. அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும். உன் போட்டோ விஷயமும் மேல ரிப்போர்ட்டா போயிருக்குல்ல... நான் நல்லபடியா எழுதித் தரேன்."

வாய் பழக்கத்தில் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏழாம் எண்ணில் இன்று யார் நிற்கிறார்கள் என்று யோசித்தாள். எழுந்து நின்றாள்.

"சார், மேடத்தையும் சேர்த்தே கேட்டுடலாம்."

போனை மேசையின் நடுவில் வைத்து அழைத்தாள். மணி அடித்தது. தனசேகர் போனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.