ஐம்பத்தெட்டாம் பக்கம்

எனக்குப் பிழை பிடிக்கப் பிடிக்கும். கலியாணக் கார்ட் வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னரே எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கண் ஓடிவிடும். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் பகுதியில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் இதற்குத்தான் சம்பளம். ஒரு புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதைக் கடைசியாகப் பார்ப்பவள் நான். கடைசிப் பிரதியின் முதல் பக்கத்தில் 'அச்சுக்குச் சரி' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். அதன் பிறகு வரும் பிழை என் தலையில்.

என் மேசைக்கு நேரே சுவரில் நானே எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. முதலாவது, பக்கத்தின் உச்சியில் ஓடும் சின்னத் தலைப்பு. இரண்டாவது, பக்க எண். மூன்றாவது, 'இன்ன பக்கம் பார்க்க' என்று வரும் இடங்கள். நான்காவது, அநாதை வரி. ஒரு பந்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சிக்குத் தள்ளுப்பட்டுத் தனியே நின்றால் அதை நாங்கள் அநாதை வரி என்போம். அது அழகு வேலை, கடைசியில் செய்தால் போதும் என்பது என் எண்ணம். எத்தனையோ புத்தகம் அந்தத் தாளின்படி போய்விட்டது, ஒன்றும் நடக்கவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அந்த நாள் பார்த்த புத்தகம் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எழுதியது. ஊரே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். கடலுக்குப் போகிறவர்களுக்கான முதலுதவிப் புத்தகம். முதல் பகுதியில் என்ன நடந்தது என்று தேடவேண்டும்: திருக்கை மீனின் முள் குத்தியது, தூண்டில் கையில் ஏறியது, வெயில் அடித்தது. ஒவ்வொன்றின் கீழும் 'பக்கம் இத்தனை பார்க்க' என்று இருக்கும். என்ன செய்வது என்பது இரண்டாம் பகுதியில். வள்ளத்தில் ஆள் துடிக்கிற நேரம் புத்தகத்தைப் புரட்டி வாசிக்க ஏலாது, ஒரேயடியாகப் போய் நிற்கவேண்டும் என்று மிஸ்ஸி நூறு தரம் சொல்லிவிட்டார். நேரத்துக்கு ஒன்றும் செய்யாமல் வார்டுக்கு வந்த ஆட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதினாராம்.

காலையில் இருவருமாக இருந்து பார்த்தோம். ஓர் இடத்தில் இரண்டாம் பகுதியின் உச்சியில் முதல் பகுதியின் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. திருத்தினேன். எண்கள் சரி, ஒற்றை எண் எல்லாம் வலப்பக்கம். பிறகு 'பக்கம் பார்க்க' முப்பத்தொன்று. மிஸ்ஸி எண்ணை வாசிக்க, நான் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்ட, சிவப்புப் பேனையால் ஒரு சரி. முப்பத்தொன்றும் சரி. அவர் முகத்தில் சிரிப்பு, என் முகத்திலும்தான்.

கடைசியில் முப்பத்தொன்பதாம் பக்கத்து உச்சியில் ஓர் அநாதை வரி கண்டேன். முந்திய பக்கத்திலிருந்து இன்னொரு வரியைக் கீழே இறக்கி அதற்குத் துணை வைத்தேன். ஒரு நிமிட வேலை. புதிதாக ஒரு பிரதி எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து, கையெழுத்தும் வைத்துவிட்டேன். அச்சடிக்கும் தகடான பிளேட் செய்வது கொழும்பில். நான்கு மணிக்குள் கோப்பு அங்கே போய்விட வேண்டும், பிளேட் பஸ்ஸில் வரும்.

"அனுப்பட்டே மிஸ்ஸி?" என்றேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. வார்டில மருந்து எடுக்கேக்க ஒருக்கா, வார்க்கேக்க ஒருக்கா, குடுக்கமுன்னம் ஒருக்கா, மூண்டு தரம் பாப்பம். இன்னும் ஒருக்கா மிச்சம் கிடக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. நான் பார்த்ததற்கு மேல் என்ன பார்ப்பது? மிஸ்ஸியின் தம்பி, சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக்கிறவர், அவரைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். மிஸ்ஸி புதுப்பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

"தம்பி, உனக்குத் திருக்கை குத்திப்போட்டுது. என்ன செய்வாய், பாத்துச் சொல்லு."

அவர் ஈர விரலால் புரட்டினார். திருக்கையைக் கண்டுபிடித்தார். "ஐம்பத்தெட்டாம் பக்கம் பாக்கட்டாம்." ஐம்பத்தெட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, காலில குத்தினதுக்கு ஏன் குனிஞ்சிருந்து மூக்கைப் பிடிக்கச் சொல்லுறியள்?"

அவர் பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரதியைப் பறித்துப் பார்த்தேன். மூக்கால் இரத்தம் வந்தால் செய்யவேண்டியது அங்கே இருந்தது. திருக்கை அறுபதாம் பக்கத்தில். அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் இரண்டு பக்கம் தள்ளி. அதற்கடுத்ததும் அப்படியே.

என்ன நடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. முதல் பகுதி நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் நிறைந்து கிடந்தது. நான் இறக்கிய ஒரு வரி, பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு வரி நாற்பத்தேழில் போய் விழுந்துவிட்டது. எங்கள் புத்தகங்களில் புதிய பகுதி வலப்பக்கத்தில்தான் தொடங்கும். ஆகவே நாற்பத்தெட்டு வெறும் பக்கமாகி, இரண்டாம் பகுதி நாற்பத்தொன்பதுக்குப் போய்விட்டது. உச்சித் தலைப்பும் பக்க எண்ணும் பொருளடக்கமும் கணினியே மாற்றிக்கொள்ளும். 'பக்கம் பார்க்க' எண்கள் மட்டும் நான் கையால் அடித்தவை. அவை நின்ற இடத்திலேயே நின்றன. காலையில் போட்ட சிவப்புச் சரி முப்பத்தொன்றும் பழைய பிரதியோடு போயிற்று.

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்ஸி. நான் கையெழுத்தும் வைச்சிட்டன்."

"கையெழுத்து வைச்சால் என்ன, இன்னும் அனுப்பேல்லைத்தானே," என்றார். "பதறாத காரியம் சிதறாது. இப்ப என்ன செய்யலாம் எண்டு சொல்லு."

முப்பத்தொரு எண்ணையும் மாற்றலாம். மாற்றும்போது ஒன்று பிழைத்தால்? அதைவிட இறக்கிய வரியை மேலே ஏற்றி, அந்தப் பந்தியில் இரண்டொரு சொல்லைக் குறைத்தால் அநாதை வரி தானே முந்திய பக்கத்துக்குள் அடங்கிவிடும், மற்றதெல்லாம் பழைய இடத்துக்கு வரும் என்றேன். மிஸ்ஸி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பந்தியை வாசித்தார். 'அன்பார்ந்த கடற்றொழிலாளர்களே' என்பதை வெட்டினார்.

"அன்பு எண்டு சொல்லாட்டியும் அவங்களுக்குத் தெரியும்," என்றார்.

வரி அடங்கியது. இரண்டாம் பகுதி நாற்பத்தேழுக்கு வந்தது. ஆனாலும் புதுப்பிரதி எடுத்து, முதலிலிருந்து தொடங்கினோம். உச்சித் தலைப்பு, எண், அநாதை வரி, எல்லாம் முடிய முப்பத்தொன்றையும் திரும்ப. இந்த முறை தம்பிதான் வாசித்தார். மூக்கு வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கக் கோப்பு போனது. மிஸ்ஸி போனதும் சுவரிலிருந்த தாளைக் கிழித்து வேறு எழுதினேன். அநாதை வரி மூன்றாவது, 'பக்கம் பார்க்க' நான்காவது. அடியில்: 'ஒரு வரியைத் தொட்டாலும் திரும்ப ஒன்றிலிருந்து.'

புத்தகம் வந்து சில மாதம் கழித்து மீன் சந்தையில் அந்தத் தம்பியைக் கண்டேன். மிஸ்ஸியின் சுகம் கேட்டேன். சொல்லிவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தைத் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்து, உப்புத்தண்ணீர் பட்டுப் பொருமிக் கிடந்தது.

"போன கிழமை எங்கட வள்ளத்துப் பெடியன் ஒருத்தனுக்குத் திருக்கை குத்திப்போட்டுது. நான் வள்ளத்தின்ர முன்பக்கம், அணியத்தில நிண்டனான், மற்றப் பெடியன்தான் புத்தகத்தைப் பாத்தவன். பிளாஸ்க்கில சுடுதண்ணி கிடந்தது. காலைப் பொறுக்கிற சூட்டில வைச்சுக்கொண்டு கரைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள். இப்ப நடக்கிறான்."

"எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது.

"ஐம்பத்தெட்டு," என்றார்.