ஆறு மில்லிமீட்டர்

என் ஆய்வு மாணவி செய்த ரோபோ முழங்கால் உயரம்தான் இருக்கும். இரண்டு கால், இரண்டு கை, தலைக்குப் பதில் ஒரு கேமரா. அவளுடைய அம்மா அதற்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருந்தார். கொடைக்கானலில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து வயர் இணைப்புகளில் ஈரம் கோக்கும், அதற்காகத்தான். அந்தச் சட்டையைக்கூட அவள் தராசில் வைத்து எடை பார்த்து, முப்பத்தொரு கிராம் என்று நிரலில் சேர்த்திருந்தாள். அப்படிப்பட்டவள்.

அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை. கல்யாணப் பேச்சையெல்லாம் ஒத்திவைத்து, முனைவர் பட்டத்துக்காக அவளை ஆறு வருடம் விட்டிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் அந்த மாதத்தோடு முடிந்தது. ஆய்வுக் குழு வந்து பார்க்கும்போது அந்த ரோபோ லேசான சரிவில் பத்து அடி எடுத்துவைத்து விழாமல் நடக்க வேண்டும். நடந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து. கணினியில் நடந்ததெல்லாம் போதாது என்று போன கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

நான் அவளுடைய வழிகாட்டி. இருபது வருடமாக இயக்கவியல் நடத்துகிறவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அந்த ரோபோ எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அசையாமல் நிற்கும்போது கணக்கு சுலபம். உடம்பின் மொத்த எடையும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், அதுதான் நிறை மையம். அதிலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால் அது பாதத்துக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். நடக்கத் தொடங்கினால் அது போதாது. பழனியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இது தெரியும். டிரைவர் வண்டியைச் சட்டென்று முன்னே எடுத்தால் பாரம் முழுக்கக் குதிகாலில் வந்து உட்காரும். அதேபோல ரோபோ தன் உடம்பை முன்னே தள்ளும் கணத்தில் தரையின் அழுத்தம் குதிகால் பக்கம் நகரும். அந்த அழுத்தம் முழுவதையும் ஒரு புள்ளியில் சேர்த்துப் பார்த்தால் அதற்குப் பெயர் ஜீரோ மொமென்ட் பாயின்ட். நாங்கள் வெறுமனே புள்ளி என்போம். புள்ளி பாதத்துக்குள் இருக்கும்வரை பாதம் தரையில் படிந்திருக்கும். விளிம்புக்கு வந்துவிட்டால் பாதம் அந்த விளிம்பின் மேல் கவிழத் தொடங்கும், பிறகு விழுவதுதான்.

பாதங்களின் நான்கு மூலையிலும் அழுத்த உணரிகள் இருந்தன. திரையில் பாதத்தின் படமும் அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளியும் ஓடும். புள்ளி திட்டமிட்ட இடத்தை விட்டு விலகினால், நிரல் கணுக்காலைத் திருப்பி உடம்பைச் சாய்த்துச் சரிசெய்யும். மாணவியின் ஆறு வருட உழைப்பு அந்தச் சரிசெய்தலில்தான் இருந்தது.

குளிர் எங்களைப் படுத்திய பாடு தனி. காலையில் உணரிகள் இடம் தள்ளித் தாறுமாறாகக் காட்டும், ட்ரிஃப்ட் என்போம். அதற்கு நானே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ரசமட்டம் வைத்துச் சமன்செய்த கல்பலகை ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. ரோபோவை அதன்மேல் நிறுத்தி, அப்போது புள்ளி எங்கே காட்டுகிறதோ அதையே நடு என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் குளிர் கழிப்பது என்று பெயர். சோம்பேறித்தனமான முறை. ஆனால் ரோபோவின் எடை மாறாதவரை பிழை வராது, ஏனென்றால் அது உண்மையிலேயே நடுவில்தான் நிற்கிறது. கரும்பலகையில் அவள் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள்: எடை மாறினால் சொல்லவும்.

குழு வரும் நாள் காலையில் கடும் குளிர். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், முழங்கால் மோட்டார்கள் தளரும். முந்தைய இரண்டு நாளும் அப்படி ஆனதைப் பார்த்திருந்தேன். வெளியிலிருந்து வரும் பேராசிரியரை அழைத்து வர அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். ஆய்வகத்தில் நான் மட்டும். பக்கத்து அறையில் ட்ரோனுக்கு வாங்கிய பெரிய பேட்டரி ஒன்று இருந்தது. வயிற்றுக்குள் இருந்த சின்ன பேட்டரியை எடுத்துவிட்டேன். பெரியது உள்ளே போகவில்லை. முதுகில் வைத்து டேப் சுற்றி, கம்பளிச் சட்டையை இழுத்து மூடினேன். ஸ்விட்சைப் போட்டதும் விறைப்பாக நின்றது. அவளுக்கு ஒரு கவலையைக் குறைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள், டீ வந்தது, கைகுலுக்கல் வந்தது, மறந்துபோனேன்.

அவள் ரோபோவைக் கல்பலகையில் நிறுத்தினாள். திரையில் புள்ளி குதிகால் பக்கம் தள்ளி நின்றது. ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தாள்.

"இன்னைக்கு ட்ரிஃப்ட் ரொம்ப ஓவரா இருக்கு மேடம். இவ்வளவு காட்டாது."

"குளிரு அப்படி இருக்கு. கழிச்சிருமா" என்றேன்.

கழித்தாள். புள்ளி நடுவுக்கு வந்தது. உண்மையான புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது, திரைதான் நடு என்று காட்டியது. அவளுடைய நிரல் நம்பிய ஒரே சாட்சியை நான் சொல்லி அவள் கையாலேயே பொய் சொல்ல வைத்தேன்.

சரிவுப் பலகையில் வைத்து ஓடவிட்டாள். வலது கால் எழும்பியது. உடம்பு முன்னே தள்ளியது. இடது பாதத்தின் விரல் பக்கம் மெல்லத் தூக்கிக்கொள்ள, ரோபோ மல்லாந்து விழுந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, மறுபடி கல்பலகைக்குக் கொண்டுபோய், நிதானமாகக் குளிர் கழித்துக்கொண்டு வந்தாள். மறுபடி அதே இடத்தில், அதே மாதிரி மல்லாந்து விழுந்தது.

இரண்டாவது தடவை விழுந்தபோது சட்டையின் முதுகு புடைத்திருப்பது என் கண்ணில் பட்டது. வயிற்றில் நூறு கிராம் போய், முதுகில் இருநூற்று இருபது வந்திருக்கிறது. நிறை மையம் பின்னால் போயிருக்கும். சரிவில் முதல் அடி எடுக்கும்போது புள்ளிக்கும் குதிகால் விளிம்புக்கும் நடுவில் அவள் விட்டிருந்த இடம் ஐந்து மில்லிமீட்டர். அது எனக்குத் தெரியும், அந்த எண்ணை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

அவளுக்கு விளங்க வழியில்லை, பேட்டரி சட்டைக்குள் மறைந்திருந்தது, குழு பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில் கூடுதல் எடை கைக்குத் தெரிந்திருக்காது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மெதுவாகத் தள்ளினால் புள்ளி அவ்வளவு பின்னால் போகாது. இந்த முறை மூன்று அடி நடந்தது. நாலாவதில் விழுந்தது.

வெளியிலிருந்து வந்த பேராசிரியர் நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், உபகரணத்துல ஏதாச்சும் கோளாறா? இருந்தா சொல்லுங்க. அடுத்த வாரம் ஒரு தேதி போட்டுக்கலாம், ரூல்ஸ்ல எடம் இருக்கு."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான்தான் பேட்டரியை மாற்றினேன், இவளுக்குத் தெரியாது. இரண்டே வாக்கியம். எங்கள் கல்லூரி முதல்வர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் எதையும் தொடாதே என்று எத்தனை பிள்ளைகளை அந்த அறையிலேயே நான் திட்டியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் முன்னால் அந்தத் தவறைச் செய்தவளாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இத்தனை நாளில் தேடிப் பார்த்துவிட்டேன்.

"இல்லைங்க சார்" என்றேன்.

அவர் அவளிடம் திரும்பினார். "அந்தக் கல்லு மேல நிக்கும்போது காட்டுறதுதான் நடுன்னு எப்படிம்மா எடுத்துக்கிட்டீங்க? எதை வெச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். அது மேடம் கொண்டுவந்த வழக்கம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என் தப்புதாங்க சார்" என்றாள். சமநிலை முறை நம்பகமானதல்ல, சமர்ப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதினார்கள். வழிகாட்டி என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நான் ஆய்வகத்துக்குப் போனபோது ரோபோ சட்டையில்லாமல் தராசின் மேல் கிடந்தது. டேப்பைக்கூட அவள் பிரிக்கவில்லை. நோட்டில் எடையும், பேட்டரி இருக்கும் தூரமும், கீழே விடையும் எழுதியிருந்தாள். நிறை மையம் ஆறு மில்லிமீட்டர் பின்னால். அடியில் இரண்டு கோடு.

"அந்தப் புள்ளி மொதல்ல காட்டுனது சரிதான் மேடம்" என்றாள். "கழிக்காம விட்டிருந்தா அதுவே முன்னாடி சாஞ்சு சமாளிச்சிருக்கும். இப்பத்தான் போட்டுப் பாத்தேன். பத்து அடியும் நடந்துச்சு."

முதுகில் அந்தப் பேட்டரியோடேயே நடந்திருக்கிறது. ஆறு வருடமாக அவள் நிரூபிக்க முயன்றது அதுதான். பார்த்தது அவள் மட்டும்.

"நான் பேராசிரியருக்கு லெட்டர் எழுதுறேன்" என்றேன்.

"நீங்க ரெண்டாவது தடவை விழும்போதே பாத்துட்டீங்கல்ல?"

நான் ரோபோவின் முதுகில் இருந்த டேப்பைப் பிரிக்கத் தொடங்கினேன். அவள் நோட்டை மூடி வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கடிதம் எழுதினேன். பேராசிரியரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. கூட்டத்தில் கேட்டபோது கோளாறு இல்லை என்று வழிகாட்டியே சொன்னதாகக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது, காலமும் முடிந்துவிட்டது, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். அதை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் காலையில் வெள்ளனே வந்தாள், விலகல் படிவத்தோடு. நூலகம், ஆய்வகம், விடுதி என்று எல்லா இடத்திலும் முத்திரை வாங்கியிருந்தாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி. விலகுவதற்கான காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இது காலியா கெடக்கேம்மா" என்றேன்.

"அது கைடு எழுதுற எடம் மேடம்."

என் எதிரே நின்றபடி, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அந்தப் படிவத்தை முதல்வர் பார்ப்பார் என்ற நினைப்பு அப்போதும் எனக்கு வந்தது. சொந்தக் காரணங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி ஒரு தடவை வாசித்தாள். "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.